வீடு வளவு: குறை தெரிந்த பிறகு, கையெழுத்துக்கு முன்

சென்ற முறை வங்கிக் கடன் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த பலர் தொலைபேசியில் ஒரே விடயத்தைத்தான் கேட்டார்கள். "அண்ணை, வீடு பிடிச்சுப் போச்சு. ஆனா ஆளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாக்க சுவரிலை வெடிப்பும் கெல்லரிலை ஈரமும் கிடக்கு எண்டு சொல்லிப்போட்டார். இப்ப விலையைக் குறைக்கச் சொல்லலாமோ, இல்லாட்டித் திருத்தித் தரச் சொல்லலாமோ?" இம்முறை அதைப் பற்றியே எழுதுகிறேன்.

கேட்கலாம். ஆனால் எப்போது கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊரில் வளவு வாங்கும்போது கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்போம், தெரிந்த மேசனைக் கூட்டிப்போய் அத்திவாரத்தைக் காட்டுவோம், பிறகு நொத்தாரிசிடம் போய் உறுதி எழுதுவோம். ஜேர்மனியிலும் நோட்டார் முன் உறுதி எழுதாமல் வீடு கைமாறாது. சிவில் சட்டப் புத்தகத்தின் 311பி பிரிவு அப்படிச் சொல்கிறது. கையெழுத்து விழும் வரை விற்பவருக்கும் கட்டில்லை, உங்களுக்கும் கட்டில்லை. அந்த நேரத்தில் எதையும் கேட்கலாம். கையெழுத்து விழுந்த பிறகு ஏறக்குறைய எதையும் கேட்க முடியாது. பழைய வீடுகளை விற்கும் உறுதிகளில் 'குறைகளுக்கு விற்பவர் பொறுப்பில்லை' என்ற வசனம் அநேகமாக எப்போதும் இருக்கும். 'கெக்கவ்ட் வீ கெசேஎன்', அதாவது கண்டபடி வாங்கியது என்று இங்குள்ளவர்கள் சொல்வது இதைத்தான்.

கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் சிலர், "முதல் ஒப்பந்தத்தைப் போடு, வீட்டைச் சோதித்துப் பார்த்துச் சரியில்லை என்றால் விலகலாம் என்று அதில் ஒரு நிபந்தனை எழுது" என்று புத்தி சொல்வார்கள். அங்கே அது வழக்கம். இங்கே அந்த வழக்கம் இல்லை. இங்கே சோதனை முதலில், உறுதி பிறகு. 'கையெழுத்து வைப்போம், பிறகு ஆளைக் கூப்பிட்டுப் பார்ப்போம்' என்று நினைத்தால் வண்டிக்குப் பின்னால் மாட்டைக் கட்டிய கதைதான்.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. அதே சட்டத்தின் 442ஆம் பிரிவின்படி, ஒரு குறை தெரிந்துகொண்டே நீங்கள் கையெழுத்து வைத்தால், அந்தக் குறைக்காகப் பிறகு எந்த உரிமையும் கோர முடியாது. ஆகவே குட்டாக்ட்டரைக் கூட்டிப்போய் அறிக்கை எடுப்பது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப்பற்றி உறுதியில் ஒரு வார்த்தையும் எழுதாமல் கையெழுத்து வைத்தால், அந்த வெடிப்பையும் ஈரத்தையும் நீங்களே காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லவும் வழியில்லை.

ஒரு வீட்டை வைத்துச் சொன்னால் விளங்கும். பானில் றைன் ஆற்றின் வலது கரையில் உள்ள பொயல் பகுதியில், எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் 1930களில் கட்டிய வீடு ஒன்றைப் பார்த்தது. பெயர் வேண்டாம். தகப்பன் மூன்று ஷிப்ற் வேலை, தாய் துப்புரவு வேலை. பதினெட்டு வருடம் சேர்த்த காசு. கேட்ட விலை 340,000 யூரோ. விற்பவர் அந்த வீட்டில் இருந்து இறந்துபோன ஒரு மூதாட்டியின் மகன். அவர் வேறு நகரத்தில் இருக்கிறார்.

முதல் நாள் பார்த்தபோது வீடு வடிவாகத்தான் இருந்தது. கெல்லரின் பின்பக்கச் சுவர் மட்டும் இடுப்பளவுக்குப் புது வெள்ளை அடித்திருந்தது. மற்றச் சுவர்கள் பழையபடி. இப்படி ஒரு சுவரில் மட்டும், அதுவும் கீழ்ப்பாதியில் மட்டும் புதுப் பெயின்ற் இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். மூலையில் ஒரு பழைய அலுமாரி சுவரோடு ஒட்டி நின்றது. அதை இழுத்துப் பார்த்தபோது பூச்சு ஊதிப் போயிருந்தது. விரலால் தட்டினால் வெறுமையான சத்தம். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தால், அதே மூலையில் யன்னலுக்குக் கீழே செங்கல் வரிசையைப் பின்பற்றிப் படிப்படியாக இறங்கும் ஒரு வெடிப்பு.

தலைமயிர் போன்ற மெல்லிய வெடிப்பு பழைய வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கும், அது பூச்சு காய்ந்ததால் வருவது. படிபோல் இறங்கும் வெடிப்பு வேறு. அத்திவாரத்தின் ஒரு பக்கம் கீழே இறங்கினால்தான் அநேகமாக அப்படி வெடிக்கும். அவர்கள் 650 யூரோ கொடுத்துக் கட்டட நிபுணர் ஒருவரைக் கூட்டிப் போனார்கள். அவர் அளந்தபோது வெடிப்பு அகலமான இடத்தில் மூன்று மில்லிமீற்றர்.

வெடிப்பு உண்டு, ஈரம் உண்டு என்பதை வைத்து விலை பேச முடியாது. காரணம் தெரிய வேண்டும். காரணம் தெரியாமல் செலவு தெரியாது, செலவு தெரியாமல் கேட்கும் தொகைக்கு ஆதாரம் இல்லை. கெல்லர் ஈரத்துக்குக் காரணம் பல. அத்திவாரத்திலிருந்து மேலே ஏறும் ஈரம் ஒன்று. பக்கத்து மண்ணிலிருந்து சுவரூடாக வருவது இன்னொன்று. கோடையில் யன்னலைத் திறந்து வைத்தால் வெளியிலுள்ள சூடான காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வேர்ப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதுக்கு வீட்டில் ஒரு பிழையும் இல்லை. ஆற்றங்கரைப் பக்கம் என்றால் வெள்ளத்தையும் கேட்க வேண்டும். 1993 டிசம்பரிலும் 1995 ஜனவரியிலும் றைன் பெருகி, பானில் கரையோர வீடுகளின் கெல்லர்களுக்குள் தண்ணீர் போனது. அப்போது இந்த வீட்டுக்குள் வந்ததா என்று விற்பவரிடமும் கேளுங்கள், பக்கத்து வீட்டுப் பழைய ஆட்களிடமும் கேளுங்கள்.

இந்த வீட்டில் ஈரம் ஒரு மூலையில் மட்டும். அதே மூலையில்தான் கூரைப் பீலியிலிருந்து மழைத்தண்ணீர்க் குழாய் நிலத்துக்குள் இறங்குகிறது. நிபுணர் உடனே சொன்னார், நிலத்துக்குக் கீழே உள்ள பழைய மண்குழாயைக் கமெரா விட்டுப் பாருங்கள் என்று. விற்பவரிடம் அனுமதி கேட்டுப் பார்த்தார்கள். பொருத்து உடைந்து, வேர் உள்ளே வந்திருந்தது. கூரைத் தண்ணீர் வருடக்கணக்காக அந்த மூலை மண்ணுக்குள் போய், மண்ணை அரித்து, அத்திவாரத்தைச் சற்று இறக்கிவிட்டது. ஈரமும் வெடிப்பும் ஒரே குழாயால் வந்தவை.

இது ஒருவகையில் நல்ல செய்தி. முழு வீடும் இறங்கவில்லை, காரணத்தை நிறுத்தலாம். இரண்டு கம்பனிகளிடம் செலவு மதிப்பீடு கேட்டார்கள். குழாய் மாற்றி, பின்பக்கம் ஒன்பது மீற்றர் நீளத்துக்கு மண்ணைத் தோண்டி, சுவரை வெளியே அடைத்து மூட 24,000 யூரோ. வெடிப்பைக் கல்லுக்கு இடையில் இரும்புக் கம்பி வைத்துத் தைத்துப் பூச 6,000. மொத்தம் 30,000.

பிறகு விற்பவருக்கு ஒரு பக்கக் கடுதாசி எழுதினார்கள். 'வீடு கூடாது' என்று ஒரு சொல்லும் இல்லை. தாய் வாழ்ந்த வீட்டை மகனிடம் குறை சொன்னால் அவர் வேறு ஆளைத் தேடுவார். வீடு எங்களுக்கு விருப்பம், வாங்க எண்ணுகிறோம், நிபுணர் கண்டது இது, காரணம் இது, இரண்டு மதிப்பீடுகளையும் இணைத்திருக்கிறோம், ஆகவே விலையை 310,000 ஆக்கும்படி கேட்கிறோம். இவ்வளவுதான். குசினி பழசு, யன்னல் பழசு என்பதையெல்லாம் சேர்க்கவில்லை. அவை கண்ணால் தெரிந்தவை, கேட்ட விலையில் ஏற்கெனவே அடங்கியவை. அவற்றையும் சேர்த்தால் உண்மையான குறையின் நிறை குறைந்துவிடும்.

விற்பவர் பக்கத்திலிருந்து அடுத்தடுத்து மூன்று பதில்கள் வந்தன. மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம், ஏனென்றால் எங்கள் ஆட்களுக்கு வருவது அநேகமாக இந்த மூன்றில் ஒன்றுதான்.

முதலாவது: "நானே திருத்தித் தருகிறேன், எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார்." கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் வீட்டை விட்டுப் போகிறவர் ஆகக் குறைந்த செலவில்தான் திருத்துவார். உள்ளே புதுப் பூச்சுப் பூசி வெள்ளை அடித்தால் ஒரு வருடத்துக்கு ஒன்றும் தெரியாது. இன்னொன்று, வேலை பிழைத்தால் கம்பனியிடம் கேட்கும் உரிமை வேலையை ஒப்படைத்தவருக்குத்தான். கட்டட வேலைக்குச் சட்டப்படி ஐந்து வருடப் பொறுப்பு உண்டு, ஆனால் ஒப்படைத்தவர் விற்பவர், நீங்கள் அல்ல. கையில் காசு இல்லாதவர்களுக்கு இந்த வழிதான் பொருந்தும் என்றால், உறுதியில் நான்கு விடயம் இருக்க வேண்டும். என்ன வேலை, எந்த மதிப்பீட்டின்படி. எந்தத் திகதிக்குள். வேலை சரி என்று உங்கள் நிபுணர் எழுதித் தரும்வரை விலையில் ஒரு பகுதி கொடுக்கப்படாது. கம்பனியிடம் கேட்கும் உரிமை உங்கள் பெயருக்கு மாற்றப்படுகிறது.

இரண்டாவது: "உறுதியில் 340,000 என்றே எழுதுவோம், 25,000ஐக் கையில் திருப்பித் தருகிறேன். வங்கியும் கூடக் கடன் தரும்." இதற்கு மட்டும் ஒருக்காலும் ஓம் சொல்லாதீர்கள். உறுதியில் எழுதிய விலை உண்மை விலை இல்லை என்றால் அந்த உறுதி வெறும் நாடகம், சட்டத்தின் முன் செல்லாது. வங்கியை ஏமாற்றிய குற்றமும் சேரும். எங்களைப் போல விசாவோடும் பிரசாவுரிமை விண்ணப்பத்தோடும் இருப்பவர்களுக்கு அது என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது: விலைக் குறைப்பு. விற்பவர் 20,000 என்றார், இவர்கள் 30,000இல் நின்றார்கள், 25,000இல் முடிந்தது. புது விலை 315,000. குறைந்தது அந்த 25,000 மட்டுமல்ல. எங்கள் மாநிலத்தில் வீடு வாங்கும் வரி 2015 முதல் 6.5 வீதம், அதில் 1,625 யூரோ குறைந்தது. தரகருக்கு 3.57 வீதம் பேசியிருந்தார்கள், அதில் 892 யூரோ சொச்சம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்தால் வங்கி தரும் கடனும் குறையும், திருத்த வேலைக்கோ கையில் காசு வேண்டும். ஆகவே அவர்கள் கையெழுத்துக்கு முன்பே வங்கிக்குப் போய், இரண்டு மதிப்பீடுகளையும் காட்டி, திருத்தச் செலவையும் கடனுக்குள் சேர்த்தார்கள்.

விலை பேசி முடிந்ததும் வேலை முடியவில்லை. பேசியது உறுதியில் இருக்க வேண்டும். தரகர் அச்சடித்துத் தந்த தாளில் 'கெல்லர் காய்ந்தது' என்று இருக்கலாம், விற்பவர் வாயாலும் சொல்லலாம். கார்ல்ஸ்ரூவவில் உள்ள சமஷ்டி உச்ச நீதிமன்றம் 2015 நவம்பரில் இதைத் தெளிவாகச் சொன்னது: உறுதிக்கு முன் விற்பவர் வீட்டைப் பற்றிச் சொன்னவை உறுதியில் எழுதப்படாவிட்டால், அவை ஒப்பந்தத்தின் பகுதியாக அநேகமாகக் கொள்ளப்படமாட்டா.

எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே நீதிமன்றத்தில் ஒரு வழக்கு உண்டு. 2014இல் ஒரு மாடிவீடு 79,800 யூரோவுக்கு விற்கப்பட்டது. உறுதியில் வழக்கம்போல் 'குறைகளுக்குப் பொறுப்பில்லை' என்ற வசனம். ஆனால் அதோடு இன்னொன்றும் எழுதியிருந்தார்கள். படுக்கையறைச் சுவரில் முன்பு ஈரம் இருந்தது விற்பவருக்குத் தெரியும், 2015 டிசம்பர் 31க்குள் திரும்ப ஈரம் வந்தால் தன் செலவில் அவர் திருத்துவார். 2014 முடிவில் ஈரம் திரும்ப வந்தது. வாங்கியவர்கள் தவணை கொடுத்துக் கேட்டார்கள், விற்பவர் திருத்தவில்லை. வழக்கு டுசல்டோர்ப் மேல்நீதிமன்றம் வழியாகக் கார்ல்ஸ்ரூவ வரை போனது. விற்பவர் தரப்பின் வாதம், இவர்கள் இன்னும் திருத்தவில்லை, செலவழிக்காத காசை எப்படிக் கேட்கலாம் என்பது. 2021 மார்ச் 12இல் தீர்ப்பு வந்தது. திருத்துவதற்கு ஆகக்கூடிய செலவை, விற்பனை வரி நீங்கலாக, திருத்துவதற்கு முன்பே கேட்கலாம் என்று சொல்லி, வாங்கியவர்களுக்குச் சார்பாக வந்த தீர்ப்பை நீதிமன்றம் உறுதி செய்தது. உறுதியில் அந்த ஒரு வசனமும் திகதியும் இல்லாதிருந்தால், ஈரம் முன்பே தெரிந்த அவர்களால் வழக்கை இவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்க முடியாது.

பொயல் குடும்பம் மூன்று விடயத்தை எழுதுவித்தது. உடைந்த குழாய், வெடிப்பு, பின்மூலை ஈரம் ஆகியவை வாங்குபவருக்குத் தெரியும், அதற்காகவே விலை 315,000 ஆகக் குறைக்கப்பட்டது. இவை தவிர வேறு ஈரம் எதுவும் தனக்குத் தெரியாது என்று விற்பவர் சொல்கிறார். 1993, 1995 வெள்ளங்களில் கெல்லருக்குள் தண்ணீர் வந்ததாகத் தாய் ஒருபோதும் சொன்னதில்லை என்றும் சொல்கிறார். கடைசி இரண்டும் ஏன் என்றால், தெரிந்த குறையை ஒளித்தால் 'பொறுப்பில்லை' என்ற வசனம் விற்பவரைக் காப்பாற்றாது. அது 444ஆம் பிரிவு. ஆனால் தெரிந்தே ஒளித்தார் என்று நிரூபிக்க வேண்டியது வாங்கியவர். விற்பவர் கையெழுத்தோடு ஒரு வசனம் இருந்தால் அந்தப் பாரம் கொஞ்சம் குறையும்.

உறுதியின் வரைவை நோட்டாரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி, டொச் நன்றாகத் தெரிந்த ஒருவரோடு வீட்டில் இருந்து வாசியுங்கள். நோட்டார் அன்று வேகமாக வாசித்துக்கொண்டு போவார். டொச் போதாது என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், மொழிபெயர்த்துத் தராமல் அவர் உறுதி எழுதக்கூடாது. எல்லா அலுவலகத்துக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் பழக்கம். இங்கே அது சரிவராது. உங்கள் சொந்த மகனோ மகளோ நோட்டார் முன் உங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருக்கச் சட்டம் விடாது. வெளியாள் ஒருவரை முன்பே ஒழுங்கு செய்யுங்கள்.

நிபுணரும் சுவருக்குள் புகுந்து பார்க்க மாட்டார். அந்த வீட்டில் தோண்டியபோது குழாய் இன்னும் இரண்டு மீற்றர் தூரத்துக்கு உடைந்திருந்தது. மதிப்பீட்டில் 30,000 ஆக இருந்த வேலை 33,800இல் முடிந்தது. விற்பவருக்கும் அது தெரியாது, ஆகவே அவரிடம் கேட்கவும் இடமில்லை. 25,000 விலையில் குறைந்தது, மிச்சத்தை அவர்கள்தான் கட்டினார்கள். அதனால்தான் பேரம் பேசப் போகுமுன், திருத்தச் செலவோடு சேர்த்து எங்களால் தாங்கக்கூடிய கடைசித் தொகை இது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எழுதி வைத்தது 355,000. வரியும் தரகும் வேறு. விற்பவர் ஒரு சதமும் குறைக்காமல் நின்றிருந்தால் 340,000உம் 30,000உம் சேர்ந்து அதைத் தாண்டியிருக்கும், வாங்காமல் திரும்பியிருப்பார்கள். அப்போது போயிருப்பது நிபுணருக்கும் கமெராவுக்கும் கொடுத்த காசு மட்டும்தான்.

கையில் ஏற்கெனவே நிபுணர் அறிக்கை வைத்திருந்து, நோட்டாரிடம் நாள் குறித்தவர்கள் இருந்தால், அந்த அறிக்கையையும் உறுதி வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறிக்கையில் உள்ள பெரிய குறை ஒவ்வொன்றுக்கும் வரைவில் ஒரு வசனம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நோட்டாருக்கு எழுதி அந்த வசனத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் நாளைத் தள்ளிப் போடுங்கள்.

அடுத்த முறை, மாடிவீடு வாங்குபவர்கள் மற்ற உரிமையாளர்களின் கூட்டக் குறிப்புகளில் என்ன தேட வேண்டும் என்று எழுதுகிறேன்.